இரவு நேரத் திரையும் மஞ்சள் அமைப்பும்: கண் எரிச்சலைக் குறைக்க எதை முதலில் மாற்றுவது, எதைக் கடைசியில் மாற்றுவது

கைத்தொலைபேசியில் திரையின் நீலத்தைக் குறைக்கும் மஞ்சள் அமைப்பை முழு அளவுக்கு ஏற்றிவிட்டு, ஒரு மாதம் கழித்தும் கண் எரிகிறது என்று சொல்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கில் மூன்று மாடி கீழே குடியிருக்கும் அண்ணன் ஒருவரும் அப்படித்தான் சொன்னார். அவருக்கு 58 வயது. மாலை வேலை முடிந்து இரவு 11 மணியளவில் வீடு திரும்புபவர். சனிக்கிழமை என்றால் பிரிமியர் லீக் ஆட்டம் பார்ப்பார். குளிர்காலத்தில் இங்கிலாந்தில் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு 11 மணிக்கும், மாலை 5.30 மணி ஆட்டம் நள்ளிரவு தாண்டி 1.30 மணிக்கும் வரும். மற்ற நாட்களில் படம் பார்த்துவிட்டுப் படுக்கையில் கைத்தொலைபேசியில் செய்தி படிப்பார்.

“தம்பி, மஞ்சளா மாத்தி ஒரு மாசம் ஆச்சு. எரிச்சல் கொஞ்சம்கூட நிக்கல” என்றார். அவருடைய வீட்டில் மூன்று வாரங்கள் படிப்படியாகச் செய்து பார்த்ததையே இந்த வழிகாட்டிக்கு எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். மஞ்சள் அமைப்பு இதில் கடைசிக்கு அருகில்தான் வருகிறது. அதற்கான காரணம் ஆறாம் படியில் இருக்கிறது.

1. தொடங்குமுன் தேவைப்படுபவை

ஒரு குறிப்பேடு, ஒரு வெள்ளை ஏ4 தாள், 3000 கெல்வின் அல்லது அதற்கும் குறைந்த பல்பு பொருத்திய சிறு மேசை விளக்கு ஒன்று, ஒளி அளக்கும் இலவசச் செயலி நிறுவிய ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசி ஒன்று. வீட்டில் பழைய ஆண்ட்ராய்டு தொலைபேசி இருந்தால் அதுவே போதும். அதன் முன்பக்க மேல்விளிம்பில் இருக்கும் ஒளி உணரியைத்தான் செயலி பயன்படுத்துகிறது. அது காட்டும் எண் துல்லியமானதன்று. ஆனால் நமக்கு ஒரே கருவியால் எடுத்த இரண்டு எண்களை ஒப்பிடுவதே வேலை என்பதால் அந்தத் துல்லியக்குறைவு இங்கே இடையூறாகாது.

கெல்வின் என்பது வெள்ளை ஒளி எவ்வளவு நீலம் சார்ந்தது, எவ்வளவு மஞ்சள் சார்ந்தது என்பதைக் காட்டும் அளவு. எண் ஏற ஏற நீலம் கூடும். குண்டு பல்பின் ஒளி ஏறத்தாழ 2700 கெல்வின். நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளின் கூரையில் பெரும்பாலும் காணப்படும் பளிச்சென்ற வெள்ளை எல்இடி விளக்கு 6500 கெல்வின். பல்பு வாங்கும்போது பெட்டியில் இந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். விற்பனையாளர் வெள்ளை என்று சொல்வது எந்த வெள்ளை என்பதை எண்தான் சொல்லும்.

2. இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்வது

கண்ணுக்கு இதமாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. தூக்கம் தள்ளிப்போகிறதா என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் காரணங்கள் வேறு.

தூக்கத்துக்கான பாதை விழித்திரையில் இருக்கும் ஒரு தனிவகை உயிரணுக்களின் வழியாகச் செல்கிறது. அவை மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்டவை. 480 நானோமீட்டர் அருகிலான நீல ஒளிக்கு மிகுதியாக எதிர்வினை காட்டுபவை. தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் சுரப்பை அந்த உயிரணுக்களின் சமிக்ஞை தடுத்து நிறுத்துகிறது. எரிச்சல், நீர் வடிதல், கனம், மங்கல் ஆகியவற்றுக்கு இந்தப் பாதையோடு நேரடித் தொடர்பு இல்லை. அவை பெரும்பாலும் கண்ணின் மேற்பரப்பு உலர்வதாலும், அருகில் உள்ளதைத் தொடர்ந்து கூர்ந்து பார்ப்பதாலும், இருட்டறையில் ஒரே ஒரு பிரகாசமான பரப்பைப் பார்ப்பதாலும் வருகின்றன.

நீல ஒளி தூக்கத்தைப் பாதிக்கிறது என்ற செய்தியைப் படித்துவிட்டு, எரிச்சலுக்கும் அதுவே காரணம் என்று முடிவு கட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. அண்ணனும் அதைத்தான் செய்திருந்தார். எனவே குறிப்பேட்டில் இரண்டு தனித்தனிப் பத்திகள் போடுங்கள். ஒன்றில் திரையை அணைக்கும்போது கண்ணின் நிலையை, எரிச்சலே இல்லை என்றால் 0, தாங்க முடியாவிட்டால் 10 என்ற கணக்கில் எழுதுங்கள். மற்றொன்றில் படுத்த நேரத்தையும், தூங்க எவ்வளவு நேரமானது என்ற உத்தேசக் கணக்கையும் மறுநாள் காலையில் எழுதுங்கள்.

3. மூன்று இரவுகள் எதையும் மாற்றாமல் எழுதுவது

இந்தப் படியைத் தாண்டிச் செல்லத்தான் எல்லோருக்கும் ஆசை. தாண்டினால் பின்னால் வரும் எந்த மாற்றத்தையும் எதோடும் ஒப்பிட முடியாது. மஞ்சள் அமைப்பு ஏற்கெனவே போட்டிருந்தால் அதை இந்த மூன்று இரவுகளுக்கு அணைத்துவிடுங்கள்.

எப்போது தொடங்கியது என்பதையும் எழுதுங்கள். அண்ணனின் குறிப்பில் முதல் நாளே ஒன்று தெரிந்தது. தொலைக்காட்சி பார்த்த இரண்டு மணி நேரத்தில் அவருக்குக் கண் கூசியதே தவிர எரியவில்லை. எரிச்சல் படுக்கையில் கைத்தொலைபேசியை எடுத்த கால் மணி நேரத்தில் தொடங்கியது. மூன்று இரவுகளின் மதிப்பெண்கள் 7, 6, 7.

4. முதலில் அறை விளக்கு

அண்ணன் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டுப் பார்ப்பவர். இருட்டில் கண்மணி விரிந்து விடுகிறது. விரிந்த கண்மணி வழியே திரையின் வெள்ளைப் பகுதி அளவுக்கு மீறிய வெளிச்சமாக உள்ளே வருகிறது. காட்சி இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மாறும் ஒவ்வொரு முறையும் கண் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கூசுவதற்கு இதுவே போதுமான காரணம்.

இதற்கு மாற்றாகக் கூரை விளக்கைப் போட்டுக்கொள்வதும் சரியாகாது. 6500 கெல்வின் கூரை விளக்கின் கீழ் சோபாவில் உட்கார்ந்திருப்பவரின் கண் அருகே ஒளி உணரியை வைத்து அளந்தால் சாதாரணமாக 50 முதல் 150 லக்ஸ் வரை காட்டும். லக்ஸ் என்பது ஓரிடத்தில் வந்து விழும் ஒளியின் அளவு. தொலைக்காட்சித் திரையிலிருந்து வருவது அதில் ஒரு சிறு பங்குதான். கூரை விளக்கை எரியவிட்டுக்கொண்டு தொலைபேசியை மட்டும் மஞ்சளாக்குவது, தூக்கத்தைப் பொறுத்தவரை, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பதைப் போன்றது.

மேசை விளக்கைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலோ பக்கத்திலோ, பல்பு நேராகக் கண்ணில் படாமல், சுவரை நோக்கி வையுங்கள். சுவரில் மங்கிய வெளிச்சம் படர்ந்திருந்தால் போதும். திரையில் அதன் பிம்பம் தெரிந்தால் இடத்தை மாற்ற வேண்டும். படுக்கையில் என்றால் தலைக்குப் பின்னால் அல்லது பக்கவாட்டில் வைக்கலாம். இதை மட்டும் மாற்றி இரண்டு இரவுகள் எழுதுங்கள். அண்ணனுக்குத் தொலைக்காட்சி நேரக் கூச்சம் இந்த ஒரு மாற்றத்திலேயே பாதியாகக் குறைந்தது. படுக்கை எரிச்சல் அசையவில்லை.

5. அடுத்து பிரகாசம்

ஏ4 தாளைத் திரையின் பக்கத்தில், மேசை விளக்கின் ஒளி படும்படி பிடியுங்கள். திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறங்கள். திரை விளக்குப் போல ஒளிர்ந்தால் பிரகாசம் அதிகம். தாளைவிடச் சற்றே வெளிச்சமாகத் தெரியும் அளவுக்குக் குறையுங்கள். எழுத்துகளைப் படிக்க முகத்தைச் சுளிக்க வேண்டியிருந்தால் குறைத்தது அதிகம்.

தொலைக்காட்சியைவிடக் கைத்தொலைபேசிக்கு இந்தப் படி முக்கியமானது. திரை வெளிவிடும் பிரகாசத்தை நிட் என்ற அளவால் சொல்வார்கள். 400 நிட் பிரகாசத்தில் வெள்ளைப் பக்கம் காட்டும் சராசரிக் கைத்தொலைபேசியை 30 சென்டிமீட்டரில் பிடித்தால் கண்ணுக்கு ஏறத்தாழ 45 லக்ஸ் வருகிறது. 55 அங்குலத் தொலைக்காட்சி 2.5 மீட்டர் தூரத்தில், சாதாரணப் படக்காட்சியில், 10 லக்ஸைத் தொடுவதே அரிது. ஒரு படத்தின் பெரும்பகுதி வெள்ளையாக இருப்பதில்லை, திரையும் தள்ளி இருக்கிறது. சிறிய திரைதான் தீங்கற்றது என்று நினைத்துப் படுக்கைக்கு எடுத்துச் செல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாங்களே அளந்து பார்க்க வேண்டும். அதே கைத்தொலைபேசியை 40 நிட்டுக்கு இறக்கினால் 45 லக்ஸ் ஐந்துக்கும் கீழே வந்துவிடுகிறது. நீலமும் அதே பத்து மடங்கு குறைகிறது, நிறம் எதையும் மாற்றாமலே.

தொலைக்காட்சியில் இங்கு ஒரு பிழை நேர்கிறது. பல தொலைக்காட்சிகளின் பட்டியலில் `Brightness` என்று இருப்பது ஒளியின் அளவைக் கட்டுப்படுத்துவதில்லை. கறுப்புப் பகுதி எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதையே கட்டுப்படுத்துகிறது. உண்மையான ஒளியளவு `Backlight`, `OLED Light` போன்ற பெயர்களில் இருக்கும். வேறு சில தயாரிப்புகளில் `Brightness` என்பதே ஒளியளவாக இருப்பதால் பெயரை நம்ப முடியாது. குறைத்துப் பாருங்கள். இருண்ட காட்சிகளில் முகங்களும் தலைமுடியும் கறுப்பில் கரைந்துபோக, வெள்ளைச் சட்டை மட்டும் அப்படியே பளிச்சென்று இருந்தால் நீங்கள் தவறானதைக் குறைக்கிறீர்கள். பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு மற்றொன்றைத் தேடுங்கள்.

இன்னொன்று. பெரும்பாலான தொலைக்காட்சிகள், வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையே அதிக வேறுபாடு காட்டும் எச்டிஆர் படங்களுக்குத் தனி அமைப்பு வைத்திருக்கின்றன. சாதாரண ஒளிபரப்பில் குறைத்து வைத்தது, எச்டிஆர் படம் தொடங்கியதும் முழுப் பிரகாசத்துக்குத் தாவிவிடும். அப்படி ஒரு படத்தை ஓடவிட்டு அந்த அமைப்பையும் தனியாகக் குறைக்க வேண்டும்.

6. தொலைக்காட்சியின் நிறம்

கடையில் பளிச்சென்று தெரிவதற்காக இருக்கும் `Vivid` போன்ற காட்சி முறைகளில் வெள்ளை மிகவும் நீலம் சார்ந்து இருக்கும். 9000 கெல்வினைத் தாண்டுவதும் உண்டு. முதலில் காட்சி முறையை `Movie`, `Cinema` அல்லது `Filmmaker Mode` என்பதற்கு மாற்றுங்கள். நிற வெப்பநிலை என்ற இடத்தில் `Warm2` போன்றதைத் தெரிவு செய்யுங்கள்.

இங்கு ஒரே சொல் இரண்டு இடங்களில் இரண்டு பொருளில் வருகிறது. தொலைக்காட்சியில் `Warm2` என்பது ஏறத்தாழ 6500 கெல்வின். படத்தை எடுத்தவர்கள் வண்ணம் திருத்திய திரையின் வெள்ளையும் அதுவே. அதாவது அது மஞ்சளாக்கப்பட்ட படமன்று, அதிகப்படி நீலம் நீக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்ட படம். கைத்தொலைபேசியின் மஞ்சள் அமைப்போ 3000 கெல்வினுக்கும் கீழே போகக்கூடியது. முதல் ஐந்து நிமிடங்களுக்குத் தொலைக்காட்சி அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். கண் பழகியபின் அதுவே வெள்ளையாகத் தெரியும். பழகுவதற்குள் பழையபடி திருப்பிவிடுவதால்தான் பலர் `Vivid` முறையிலேயே ஆண்டுக்கணக்கில் இருக்கிறார்கள். வீட்டில் மற்றவர்கள் இருந்தால் மாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அண்ணனின் மகள் மறுநாளே அதைத் திருப்பிவிட்டதால் ஒரு வாரக் குறிப்பில் இரண்டு நாட்கள் வீணாயின.

மஞ்சள் அமைப்பைப் பிரகாசத்துக்குப் பின்னால் வைத்ததன் காரணத்தை இப்போது சொல்லலாம். மஞ்சளாக்கும்போது மென்பொருள் நீலத்தோடு பச்சையையும் குறைக்கிறது. நம் கண் உணரும் வெளிச்சத்தில் நீலத்தின் பங்கு வெறும் 7 விழுக்காடு. பச்சையின் பங்கு ஏறத்தாழ 70 விழுக்காடு. ஆகவே 6500-இலிருந்து 4000 கெல்வினுக்கு இறக்கினால் மொத்த வெளிச்சம் ஏறத்தாழ 30 விழுக்காடும், 2700-க்கு இறக்கினால் ஏறத்தாழ பாதியும் குறைந்துவிடுகிறது. மஞ்சளாக்கியதும் இதமாக இருக்கிறது என்று சொல்பவர்களில் பலர் உணர்வது திரை மங்கியதன் இதத்தை. பிரகாசத்தைச் சரிசெய்யுமுன் மஞ்சளைப் போட்டால், பிரகாசம் செய்த வேலைக்கான பெயர் நிறத்துக்குப் போய்விடும்.

7. கைத்தொலைபேசியின் மஞ்சள் அமைப்பு

ஐபோனில் `Settings > Display & Brightness > Night Shift`. ஆண்ட்ராய்டில் காட்சி அமைப்புகளுக்குள் `Night Light` என்றோ, சாம்சங்கில் `Eye Comfort Shield` என்றோ இருக்கும். விண்டோஸ் கணினியில் `Settings > System > Display > Night light`.

அளவை நடுவில் வைத்துத் தொடங்குங்கள். முழு அளவில் போட்டால் வெள்ளைப் பின்னணியில் இருக்கும் மஞ்சள் எழுத்துகளும் குறிகளும் பின்னணியோடு கலந்துவிடும். அவற்றைக் கண்டுபிடிக்கக் கண் கூடுதலாக உழைக்கும். இதத்துக்காகச் செய்தது எதிராக முடியும்.

அறை விளக்கு 3000 கெல்வினாக இருந்தால் திரையையும் அதற்கு அருகில் கொண்டுவருவதில் உண்மையான பயன் உண்டு. மஞ்சள் விளக்கொளிக்குப் பழகிய கண்ணுக்கு 6500 கெல்வின் திரை நீலமாக உறுத்தும். கூரை விளக்கின் வெள்ளை ஒளியில் இருப்பவருக்கு இந்தப் பயன் கிடைக்காது. நான்காம் படியில் மேசை விளக்குக்கு மாறச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கைத்தொலைபேசியிலிருந்து தொலைக்காட்சிக்குக் காட்சியை அனுப்பினால் மஞ்சள் அமைப்பு பெரும்பாலும் உடன் போகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

8. மஞ்சள் உங்களுக்கு உதவுகிறதா என்று பிரித்தறியும் சோதனை

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் எடுக்கும் படி இது. எட்டு இரவுகள் வேண்டும். நோக்கம், வெளிச்சத்தைச் சமமாக வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது.

அறையை இருட்டாக்கி, கைத்தொலைபேசியில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, தானியங்கிப் பிரகாசத்தை அணையுங்கள். ஒளி அளக்கும் தொலைபேசியின் உணரியை அந்தத் திரைக்கு எதிரே 10 சென்டிமீட்டரில் வையுங்கள். இரண்டு புத்தகங்களை முட்டுக்கொடுத்தால் தூரம் மாறாது. மஞ்சள் இல்லாமல், ஐந்தாம் படியில் கண்ட பிரகாசத்தில், வரும் எண்ணைக் குறியுங்கள். பிறகு மஞ்சளைப் போட்டு, அதே எண் வரும்வரை பிரகாசத்தை ஏற்றுங்கள். இரண்டு நிலைகளிலும் பிரகாசக் கோல் எங்கே இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணனின் தொலைபேசியில் மஞ்சள் இல்லாதபோது 38 காட்டியது. மஞ்சளை நடுவில் போட்டதும் 27-க்கு இறங்கியது. கோலைச் சற்று நகர்த்தி மீண்டும் 38-க்குக் கொண்டுவந்தோம்.

எட்டுத் துண்டுச் சீட்டுகளில் நான்கில் மஞ்சள் என்றும் நான்கில் வெள்ளை என்றும் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். ஒவ்வோர் இரவும் பார்க்கத் தொடங்குமுன் ஒன்றை எடுத்து அதன்படி அமையுங்கள். எடுத்ததைத் திருப்பிப் போடாதீர்கள். நீங்களாகத் தெரிவு செய்தால் களைத்த நாட்களில் மஞ்சளைத் தேர்ந்தெடுப்பீர்கள். அப்போது மஞ்சளுக்குக் கெட்ட மதிப்பெண்களே சேரும். ஒரே மாதிரியான உள்ளடக்கத்தை, ஏறத்தாழ ஒரே அளவு நேரம் பாருங்கள். ஆட்டம் உள்ள இரவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கோல் விழும்போது கண் சிமிட்டுவதைக்கூட மறந்துபோவோம்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. திரை மஞ்சளாக இருப்பது பார்ப்பவருக்குத் தெரியும். எனவே எதிர்பார்ப்பின் தாக்கத்தை முழுமையாக நீக்க முடியாது. சராசரிகளுக்கிடையே ஒரு மதிப்பெண் வேறுபாடு வந்தால் அதைப் பொருட்படுத்தாதீர்கள். இரண்டுக்கு மேல் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு வெள்ளை இரவுகளின் சராசரி 5.5, மஞ்சள் இரவுகளின் சராசரி 4.5. சிறிய வேறுபாடுதான்; ஆனால் வெள்ளைப் பக்கத்தில் எழுத்துப் படிக்கும்போது மட்டும் அவருக்கு மஞ்சள் தெளிவாகப் பிடித்திருந்தது. இதற்கு ஒரு காரணம் இருக்க வாய்ப்புண்டு. கண்மணி விரிந்திருக்கும்போது நீலம் விழித்திரைக்குச் சற்று முன்னாலேயே குவிந்துவிடுகிறது. வயது ஏற ஏற விழிவில்லை ஒளியைச் சிதறடிக்கிறது. இரண்டும் சேர்ந்து பிரகாசமான பரப்பைச் சுற்றி மங்கலான ஒளிவட்டத்தை உண்டாக்கும். இருபது வயதினருக்கு இது தெரியாமலே போகலாம்.

9. எரிச்சல் எஞ்சியிருந்தால்

அறை விளக்கு, பிரகாசம், நிறம் எல்லாவற்றுக்கும் பின்னும் அண்ணனுக்கு எரிச்சல் 4-க்குக் கீழே இறங்கவில்லை. இந்த இடத்தில் பெரும்பாலோர் மஞ்சளை இன்னும் ஏற்றுகிறார்கள், அல்லது நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்குகிறார்கள். அத்தகைய கண்ணாடிகளைப் பற்றி 17 சோதனைகளைத் தொகுத்து 2023-இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிடும்போது கண் களைப்பை அவை குறுகிய காலத்தில் குறைப்பதாகத் தெரியவில்லை என்று முடிவு சொன்னது. பணத்தை அதில் போடுமுன் கீழுள்ளவற்றைப் பாருங்கள்.

முதலாவது காற்று. அண்ணனின் படுக்கைக்கு நேர் மேலே ஏர்கான் இருந்தது. காற்று முகத்தில் இறங்கியது. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழாகக் குறைகிறது. சிமிட்டும்போதும் இமை முழுமையாக மூடுவதில்லை. உலர்ந்த குளிர்காற்றும் குறைந்த சிமிட்டலும் சேர்ந்தால் கண்ணின் மேலுள்ள நீர்ப்படலம் இடையிடையே கிழிந்துபோகும். எரிச்சல் என்பது அதுதான். எந்த நிறமும் அதைச் சரிசெய்யாது. காற்றுத் தகடுகளை மேல்நோக்கித் திருப்பி, ஒவ்வொரு செய்தி முடிவிலும் கண்ணை இரண்டு விநாடி முழுமையாக மூடச் சொன்னேன். நான்கு இரவுகளில் மதிப்பெண் 2-க்கு வந்தது. மொத்த முயற்சியிலும் பெரிய இறக்கம் இதுவே.

இரண்டாவது தூரம். படுத்துக்கொண்டு பார்க்கும்போது திரை 20 சென்டிமீட்டருக்கு வந்துவிடுகிறது. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குப் படிக்கும் கண்ணாடி இல்லாமல் அந்தத் தூரம் பெரும் உழைப்பு. எழுத்தைப் பெரிதாக்கி 35 அல்லது 40 சென்டிமீட்டருக்குத் தள்ளிப் பிடியுங்கள்.

மூன்றாவது திரையின் துடிப்பு. பல ஓஎல்இடி கைத்தொலைபேசிகள் குறைந்த பிரகாசத்தில் ஒளியை வேகமாக அணைத்து அணைத்துப் போடுவதன் மூலமே மங்கலாகத் தெரிகின்றன. சிலருக்கு இதனால் தலைவலி வரும். ஐந்தாம் படிக்குப் பின் தலைவலி புதிதாகத் தொடங்கியிருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். மற்றொரு தொலைபேசியின் கேமராவில் திறப்பு நேரத்தை 1/2000 விநாடிபோல் மிகக் குறுகியதாக வைத்துத் திரையைப் பாருங்கள். அகலமான கறுப்புப் பட்டைகள் ஓடினால் துடிப்பு இருக்கிறது. அப்போது பிரகாசக் கோலைப் பாதிக்கு மேல் வைத்துவிட்டு, ஐபோனில் `Settings > Accessibility > Display & Text Size > Reduce White Point` மூலம் வெள்ளையைக் குறைக்கலாம். இப்படிப்பட்டவர்களுக்கு மஞ்சள் அமைப்பும் உண்மையாகவே கைகொடுக்கும். கோலை இறக்காமலே அது வெளிச்சத்தைக் குறைத்துத் தருகிறது.

ஒளிவட்டம் ஒரு கண்ணில் மட்டும் தெரிந்தாலோ, விளக்குகளைச் சுற்றி நாளுக்கு நாள் பெரிதானாலோ, அது திரையின் கோளாறன்று. அண்ணன் வலக்கண்ணை மூடிப் பார்த்தபோது இடக்கண்ணில் வெள்ளை எழுத்துகள் தெளிவாகவே மங்கின. பலதுறை மருந்தகத்துக்குச் சென்று கண் மருத்துவருக்கான பரிந்துரைக் கடிதம் வாங்கச் சொன்னேன். விழிவில்லையில் தொடக்கநிலைக் கண்புரை என்று பின்னர் தெரிந்தது. திடீர்ப் பார்வைக் குறைவு, கடுமையான வலி, மின்னல்போல் ஒளி தெரிவது ஆகியவற்றுக்கு இந்தக் குறிப்பேட்டோடு காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

10. தூக்கப் பத்தியில் என்ன எதிர்பார்க்கலாம்

2014 இறுதியில் வெளியான, அதிகம் பேசப்பட்ட ஓர் ஆய்வில், படுக்கைக்கு முன் நான்கு மணி நேரம் முழுப் பிரகாசத்தில் மின்நூல் படித்தவர்கள், அச்சுநூல் படித்த இரவுகளைவிடத் தூங்குவதற்கு ஏறத்தாழ 10 நிமிடங்களே அதிகம் எடுத்துக்கொண்டார்கள். 2019-இல் வெளியான ஓர் ஆய்வு ஐபேடின் `Night Shift` அமைப்பை அதிக மஞ்சளிலும் குறைந்த மஞ்சளிலும் வைத்து ஒப்பிட்டது. மெலடோனின் குறைவதில் இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. 2021-இல் 167 இளையரிடம் நடத்தப்பட்ட ஆய்விலும் `Night Shift` போட்டவர்கள், போடாதவர்கள், தொலைபேசியே பார்க்காதவர்கள் ஆகியோரின் தூக்கத்தில் மொத்தத்தில் வேறுபாடு தெரியவில்லை.

நீலம் தூக்கத்துக்கு ஒரு பொருட்டே இல்லை என்பதன்று இதன் பொருள். 2022-இல் ஒளி ஆய்வாளர்கள் குழு ஒன்று, படுப்பதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்பிருந்து, மெலனாப்சின் உணரும் அளவில் கண்ணுக்கு 10 லக்ஸுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளப் பரிந்துரைத்தது. கூரை விளக்கை அணைத்து, மஞ்சள் மேசை விளக்கோடு, பிரகாசம் குறைத்த தொலைபேசியைப் பார்ப்பவர் நிறத்தை மாற்றாமலே அந்த எல்லைக்கு அருகில் வந்துவிடுகிறார். அதன்மேல் மஞ்சள் சேர்ப்பது கொஞ்சம் கூடுதல் பாதுகாப்பு. ஆனால் 1.30 மணி ஆட்டத்தின் பதற்றத்தை எந்த நிறமும் குறைக்காது. அண்ணனின் தூக்கப் பத்தியில் ஆட்ட இரவுகளில் மட்டும் முக்கால் மணி நேரம் என்று இருந்தது. மற்ற இரவுகளில், மஞ்சள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 20 நிமிடங்கள்.

11. நேரத்தைப் பொருத்துவது

மஞ்சள் அமைப்பை வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தால், சூரியன் மறைவதிலிருந்து உதிப்பது வரை என்ற தெரிவை விட்டுவிட்டுக் கைப்பட நேரம் குறியுங்கள். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது மாலை 7 மணியை ஒட்டித்தான். அந்தத் தெரிவில் திரை 7 மணிக்கே மஞ்சளாகி, பிள்ளைகளின் வீட்டுப்பாடப் படங்களையும் குடும்பப் புகைப்படங்களையும் நிறம் மாற்றிக் காட்டும். எரிச்சலடைந்து யாராவது அணைத்துவிடுவார்கள். பிறகு அது அணைந்தே கிடக்கும்.

படுக்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் தொடங்குமாறு வையுங்கள். அண்ணன் இரவு 11.15 முதல் காலை 7 மணி வரை என்று வைத்திருக்கிறார், அளவு நடுவில். தொலைக்காட்சியின் `Warm2` இப்போது எல்லா நேரமும் அப்படியே இருக்கிறது, மகளுக்கும் பழகிவிட்டது.